அடிக்குறிப்பு ஒளிவிடம் அன்று

ஆய்வேட்டின் ஓர் இயலைச் சுருக்கித் தருமாறு நெறியாளர் சொன்னால், நம்மில் பெரும்பாலோர் கையாளும் வழி ஒன்றே. நீண்ட பத்திகளை அடிக்குறிப்புக்குத் தள்ளுகிறோம். அங்கும் இடம் போதாவிடில் பின்னிணைப்புக்குத் தள்ளுகிறோம். பின்னிணைப்பின் சொற்களை எவரும் எண்ணுவதில்லை என்பதால் மனம் நிம்மதி அடைகிறது. இதனைச் சுருக்குதல் என்று அழைப்பதை நான் மறுக்கிறேன். இது பொருளை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாற்றி வைப்பது மட்டுமே. சில வேளைகளில் அதனினும் மோசமானது: நம் முடிவுக்கு இடையூறான சான்றை, பொய் சொல்லாமலே மறைத்துவிடும் வழி.

பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவோம். ஆகையால் என் மேசையில் இப்போது கிடக்கும் இயலையே எடுத்துக்கொள்கிறேன். மட்டாஞ்சேரி பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தில் காக்கப்படும் செப்பேட்டின் வினைவடிவங்களைப் பற்றியது அது. சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தருளியபோது, இசுப்பு இரப்பான் என்று ஏட்டில் குறிக்கப்பெறும் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு விடுபேறும் வழங்கிய ஆவணம் இது. வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்துகளுடன் பொறிக்கப்பட்டது. 1844இல் குண்டர்ட் இதனை மொழிபெயர்த்து ஆராய்ந்தார். பின்னர் ஹுல்ட்ஸ் எபிகிராபியா இண்டிகாவின் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார்.

என் இயலின் கேள்வி எளியது. இந்த ஏட்டின் மொழி, பேச்சில் மலையாளம் பிரிந்து செல்லத் தொடங்கியதைக் காட்டுகிறதா? இயல் 14,000 சொற்களில் நிற்கிறது. 9,000 சொற்களுக்குள் அடங்க வேண்டும். எவற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி இங்கே தட்டச்சு வசதியைப் பற்றியதன்று. ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஓர் ஆவணத்தைத் தமிழ் என்பதா, மலையாளம் என்பதா என்பதில் இரு மொழியாருக்கும் உணர்ச்சி உண்டு. எனவே எந்தச் சான்று எந்த எழுத்தளவில் அச்சாகிறது என்பதே ஒரு நிலைப்பாடு ஆகிவிடுகிறது.

முதலில், இந்த நோய் நமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கல்வெட்டும் செப்பேடும் பயில்வோர் தம் எழுத்துப் பழக்கத்தைப் பதிப்புகளிலிருந்து பெறுகின்றனர். பதிப்பின் அமைப்பு நாம் அறிந்ததே: முன்னுரை, மூலவாசகம், மொழிபெயர்ப்பு, வாசகத்தில் ஐயமுள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் அடியில் ஒரு குறிப்பு. இலக்கியப் பதிப்பிலும் இதே ஒழுங்கு உண்டு. உ.வே.சாமிநாதையர் பாடபேதங்களைப் பக்கத்தின் அடியிலும், அரும்பதங்களின் அகராதியை நூலின் இறுதியிலும் வைத்தார். அது பதிப்புக்கு மிகப் பொருத்தமான ஒழுங்கு. பதிப்பு வாசகனுக்குத் தரும் வாக்கு, மூலம் முழுவதும் இதோ என்பது. அந்த மூலத்தை மறித்துக்கொண்டு பாடபேதங்கள் நடுவே நிற்கக் கூடாது.

ஆய்வேட்டின் இயல் தரும் வாக்கு வேறு. இன்ன முடிவுக்கு இன்ன காரணங்களால் வந்தேன் என்பதே அதன் வாக்கு. அங்கே மேலே நிற்க வேண்டியது வாதம். வாதத்தைத் தாங்குவதும் எதிர்ப்பதும் அதன் உறுப்புகள். பதிப்பில் ஒரு பாடபேதம் கீழே இருப்பது முறை. அதே பாடபேதத்தின்மேல் என் வாதம் நிற்குமாயின், ஆய்வேட்டில் அது மேலே ஏறியே ஆக வேண்டும். இந்த வேறுபாட்டைக் கருதாமல் பதிப்பின் வடிவத்தை ஆய்வேட்டின்மேல் போர்த்துவதுதான் நம் குழப்பத்தின் வேர்.

இனி என் இயலின் பகுதிகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

முதலாவது காலம். செப்பேட்டின் காலத்தைப் பற்றி 1,900 சொற்கள் எழுதப்பட்டிருந்தன. யூத மரபு வழக்கு கி.பி. 379 என்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எட்டாம் நூற்றாண்டு என்று கருதியோரும் உண்டு. ஏட்டில் ஆட்சியாண்டு ‘இரண்டாமாண்டைக்கெதிர் முப்பத்தாறாமாண்டு’ என்று குறிக்கப்படுகிறது. இரண்டையும் கூட்டினால் முப்பத்தெட்டாம் ஆட்சியாண்டு. பாஸ்கர இரவியின் ஆட்சித் தொடக்கம் கி.பி. 962 என்று கொண்டால் ஏடு கி.பி. 1000இல் அமைகிறது. ‘எதிர்’ என்பதைக் கூட்டலாகக் கொள்ளாமல் முப்பத்தாறையே கணக்கிட்டால் 998.

இது வரலாற்றுத் துறை ஆய்வேடாக இருந்தால் இந்த விவாதம் இயலின் முதுகெலும்பாக இருக்கும். மொழி மாற்றத்தை ஆராயும் இயலுக்கு 998உம் 1000உம் ஒன்றே. எந்த ஒலி மாற்றமும் இரண்டாண்டுக் கணக்கில் அளக்கப்படுவதில்லை. ஆனால் எட்டாம் நூற்றாண்டா, பத்தாம் நூற்றாண்டின் இறுதியா என்பது ஒன்றல்ல. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டுக்கு இது முற்பட்டதா பிற்பட்டதா என்பதே அதனால் மாறிவிடும். ஆகவே மேலே ஒரே வாக்கியம்: ஏடு கி.பி. 1000ஐ ஒட்டியது, தரிசாப்பள்ளி ஏட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிற்பட்டது. ‘எதிர்’ ஆண்டுக் கணக்கு அடிக்குறிப்பில். இரண்டும் சேர்ந்து 110 சொற்கள்.

அடிக்குறிப்புக்கு உரியது எது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கவனமுள்ள வாசகர் ஒருவர் அந்த இடத்தில் ‘ஏன் 1000? 998 இல்லையா?’ என்று கேட்பார். அவருக்கு விடை தர வேண்டும். ஆனால் விடை எதுவாக இருந்தாலும் என் வாதத்தின் அடுத்த வரி மாறாது. கேள்வி நியாயமானது, விடை வாதத்தைத் தொடாதது என்ற இரண்டும் சேரும் இடமே அடிக்குறிப்பின் இடம்.

இரண்டாவது அஞ்சுவண்ணம். இச்சொல் எதைக் குறிக்கிறது என்பதைப் பற்றி 1,600 சொற்கள். யூதக் குடியிருப்பு என்று கொண்டோர் உண்டு. ஐந்து தொழிற்குழுக்கள் என்று பொருள் கண்டோர் உண்டு. கடல்வழி வணிகக் குழு என்று எ.சுப்பராயலு விரிவாக எழுதியிருக்கிறார். பாரசீக ‘அஞ்சுமன்’ என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவது இன்று பலரும் ஏற்கும் கருத்து. படிக்கச் சுவையான பகுதி இது. எழுதியவருக்கு அதைவிடச் சுவையானது. ஆனால் வினைவடிவங்களைப் பற்றிய இயலில் இதற்கு வேலை இல்லை.

இத்தகைய பகுதியைத்தான் நாம் தயங்காமல் பின்னிணைப்பு ஆக்குகிறோம். ‘பின்னிணைப்பு 3: அஞ்சுவண்ணம் பற்றிய கருத்துகள்’ என்று தலைப்பிட்டு, உழைப்பு வீணாகவில்லை என்று ஆறுதல் கொள்கிறோம். அது தவறு. இயலின் எந்த வாக்கியமும் அந்தப் பின்னிணைப்பைத் தேடிச் செல்லுமாறு வாசகரிடம் சொல்லவில்லை என்றால், அது அங்கே இருப்பதற்கு ஒரே காரணம் நம் பாசம். அதற்குரிய இடம் மேலும் அன்று, கீழும் அன்று, பின்னும் அன்று; தனியான ஒரு கட்டுரை. இயலில் நாற்பது சொற்களில் ஒரு சுட்டு போதும். ஏட்டைக் கண்டதும் படியெடுத்ததும் பற்றிய 1,200 சொற்களுக்கும் இதே விதி; எந்த வாசகத்தைப் பின்பற்றுகிறேன், எங்கே விலகுகிறேன் என்று சொல்ல 150 சொற்கள் போதும்.

மூன்றாவதுதான் இந்தப் பதிவை எழுதத் தூண்டியது. ஏட்டின் தொடக்கத்தில் ‘பிரசாதிச்சருளிய’ என்ற வடிவம் வருகிறது. எழுத்துத் தமிழின் முறைப்படி ‘பிரசாதித்தருளிய’ என்றுதான் இருக்க வேண்டும். இகரத்தை அடுத்த தகரம் சகரமாக மாறியிருக்கிறது. ஏ.ஆர்.ராஜராஜவர்மா கேரள பாணினீயத்தில் மலையாளம் தமிழிலிருந்து விலகியதை விளக்க வகுத்த ஆறு நயங்களுள் ஒன்றான தவர்க்கோபமர்தம் இதுவே. ஆகவே, ‘ஏட்டில் மலையாளத்தின் சிறப்பியல்பு தெளிவாகக் காணப்படுகிறது’ என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு, அடியில் 140 சொற்களில் ஒரு குறிப்பு: ‘தமிழ்ப் பேச்சு வழக்கிலும் அடிச்சு, படிச்சு என்னும் வடிவங்கள் உண்டு, சோழர் கல்வெட்டுகளிலும் விளக்கு வைச்ச என்னும் எழுத்து வடிவம் காணப்படுகிறது’ என்று.

இந்த அடிக்குறிப்பைப் படித்த பின் மேலே உள்ள வாக்கியத்தை மீண்டும் படியுங்கள். அது நிற்கவில்லை. தமிழ்நாட்டிலும் நிகழ்ந்த, தமிழகக் கல்வெட்டுகளிலும் எழுத்தில் ஏறிய ஒரு மாற்றம் மலையாளத்துக்கு மட்டுமே உரிய அடையாளம் ஆகாது. சொல்லக்கூடியது இவ்வளவே: பேச்சில் இருபுறமும் பரவிய ஒரு மாற்றம், கேரளத்து அரசவை ஆவணத்தின் எழுத்திலும் புகுந்திருக்கிறது; பின்னர் மலையாளம் அதனை எழுத்து வழக்காக நிலைநிறுத்தியது, தமிழ் நிலைநிறுத்தவில்லை. இது வேறு முடிவு. முதல் முடிவைவிட அடக்கமானது, ஆனால் உண்மையானது.

ஆகவே நான் பின்பற்றும் சோதனை இது. அடிக்குறிப்பைக் கையால் மூடிக்கொண்டு மேல்வாக்கியத்தைப் படிக்க வேண்டும். பின் கையை எடுத்துக் குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குறிப்பைப் படித்த பின் வாக்கியத்தின் வலிமை குறைகிறது என்றால், அந்தக் குறிப்புக்கு அங்கே இருக்க உரிமை இல்லை. அது மேலே வர வேண்டும். வாக்கியமும் மாற வேண்டும். 140 சொற்கள் 390 சொற்களாக விரிந்தன. சுருக்கும் பணியில் ஒரு பகுதி நீள்வது முரண்பாடு அன்று. சுருக்குதல் என்பது வாதத்துக்கு வேண்டியதற்கு இடம் கொடுக்க, வேண்டாததை அகற்றுவது.

எதிர்த்தரப்பும் இதையே செய்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இதே ஏட்டில் ‘விட்டோம்’ என்று தன்மைப் பன்மை விகுதியோடு வினைமுற்று வருகிறது. மலையாளம் இந்த விகுதிகளை இழந்த மொழி. ராஜராஜவர்மா அதனைப் புருஷபேத நிராசம் என்றார். ஏட்டைத் தமிழ் என்று நிறுவ விரும்புவோர் ‘விட்டோம்’ என்பதை மேலே வைத்து, ‘பிரசாதிச்சு’ என்பதைப் ‘பேச்சு வழக்கின் சாயல்’ என்று அடிக்குறிப்பில் ஒதுக்குவர். மலையாளம் என்று நிறுவ விரும்புவோர் ‘பிரசாதிச்சு’ என்பதை மேலே வைத்து, ‘விட்டோம்’ என்பதை ‘ஆவண மரபுத் தொடர்’ என்று அடிக்குறிப்பில் ஒதுக்குவர். இரு தரப்பாரும் எந்தச் சான்றையும் மறைத்ததாகக் குற்றம் சாட்ட முடியாது. எல்லாம் பக்கத்தில் இருக்கிறது. ஆயினும் இரண்டு ஆய்வேடுகளையும் படித்த ஒருவர், இருவேறு செப்பேடுகளைப் பற்றிப் படித்ததாக எண்ணுவார்.

இதன் விளைவு அந்த ஆய்வேட்டோடு முடிவதில்லை. பின்னால் வரும் மாணவர் மேற்கோள் எடுக்கும்போது மேல்வாக்கியத்தை எடுக்கிறார். அடிக்குறிப்பு அதனுடன் பயணம் செய்வதில்லை. மூன்றாம் கைக்குச் செல்லும்போது ‘தெளிவாகக் காணப்படுகிறது’ என்பது மட்டும் எஞ்சுகிறது. தமிழ் ஆய்வேடுகளில் குறிப்புகளைப் பக்கத்தின் அடியில் இடாமல், இயலின் இறுதியில் சான்றெண் விளக்கம் என்று தொகுக்கும் வழக்கம் இந்த இழப்பை இன்னும் விரைவாக்குகிறது. கிப்பன் தம் ரோமப் பேரரசு வரலாற்றின் முதல் தொகுதியை 1776இல் வெளியிட்டபோது குறிப்புகளை இறுதியில் வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது என்று டேவிட் ஹியூம் பதிப்பாளரிடம் முறையிட்டார். பின்னர் அவை பக்கத்தின் அடிக்கு வந்தன. ஹியூமே சலித்த வேலையைப் புறத்தேர்வாளர் சலியாமல் செய்வார் என்று நாம் எதிர்பார்ப்பது எப்படி?

நான்காவது, பின்னிணைப்பு. ‘விட்டோம்’ ஆவண மரபுத் தொடர்தானா என்பதை வாதத்தால் மட்டும் தீர்க்க முடியாது. சேரர் ஆவணங்களில் வரும் வினைமுற்றுகளை எல்லாம் திரட்டிப் பார்க்க வேண்டும். ஆவணம், வரி, வடிவம், பேசுபவர் யார், கொடைத்தொடருக்கு உள்ளே வருகிறதா வெளியே வருகிறதா என்று ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை அது. இயலில் அது 1,100 சொற்களை விழுங்கியிருந்தது. அது முழுவதும் பின்னிணைப்புக்குச் செல்கிறது. ஆனால் மூன்று செய்திகள் மேலேயே நிற்க வேண்டும்: மொத்த எண்ணிக்கை எவ்வளவு, அதில் கொடைத்தொடருக்கு வெளியே வருபவை எத்தனை, சிதைந்த வடிவங்களை எப்படிக் கணக்கிட்டேன். இவற்றுக்கு 250 சொற்கள். என் முடிவைப் பின்தொடர வாசகருக்குத் தேவையானது மேலே. அதைச் சரிபார்க்கத் தேவையானது பின்னே. ‘விவரங்களுக்குப் பின்னிணைப்பு காண்க’ என்று மட்டும் எழுதி, எண்ணைச் சொல்லாமல் விடுவது பின்னிணைப்பு ஆகாது, அது தலைமறைவு.

சரிபார்க்கும் பொருளாக அமைந்த பின்னிணைப்பு என்ன செய்யும் என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. எம்.ஜி.எஸ். நாராயணன் 1972இல் கேரளப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேட்டுடன், சேரர் ஆவணங்களின் அட்டவணை ஒன்றைத் துணைத்தொகுதியாகத் தந்தார். பின்வந்த வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களை அந்த அட்டவணையின் வரிசை எண்ணாலேயே சுட்டுகின்றனர். அவருடைய முடிவுகளோடு மாறுபடுவோரும் அதையே பயன்படுத்துகின்றனர். எழுதியவரை மறுப்பவருக்கும் பயன்படுவதே நல்ல பின்னிணைப்பின் இலக்கணம். என் அஞ்சுவண்ணப் பகுதி அந்த இலக்கணத்துக்கு வாராது. என் வினைமுற்று அட்டவணை வரும்.

கணக்கைப் பார்ப்போம். காலம், அஞ்சுவண்ணம், ஏட்டின் வரலாறு, அட்டவணை ஆகிய நான்கும் 5,800 சொற்களாக இருந்தன, இப்போது 550. கூடியவை ‘பிரசாதிச்சு’ பகுதியின் 250. நிகரக் குறைவு 5,000. இயல் 9,000 சொற்களில் நிற்கிறது. அடிக்குறிப்புகளும் முன்னைவிடக் குறைவு.

எனக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. எதிர்ச்சான்றை எல்லாம் மேலே கொண்டுவந்தால் வாதத்தின் ஓட்டம் தடைப்படும், தேர்வாளர் முடிவைத் தவறவிடுவார் என்பது அது. ஓட்டம் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் எந்தச் சான்றைக் கண்டு ஓட்டம் தடைப்படுகிறதோ, அந்தச் சான்று வாதத்தோடு தொடர்புடையது என்பதற்கு அத்தடையே சாட்சி. ‘எதிர்’ ஆண்டுக் கணக்கு மேலே இருந்தால் தடைப்படுவது வாசிப்பு மட்டும்; ஆகவே அது கீழே செல்லலாம். சோழர் கல்வெட்டின் ‘வைச்ச’ மேலே வந்தால் தடைப்படுவது என் முடிவு. ஆகவே அது மேலேதான் நிற்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் அதை வேறொருவர் எடுத்துக்காட்டும்போது, ‘அடிக்குறிப்பு 47இல் சொல்லியிருக்கிறேன்’ என்பது விடை ஆகாது. சொல்லியிருக்கிறீர்கள் என்றால், ஏன் உங்கள் முடிவு மாறவில்லை என்பதே அடுத்த கேள்வியாக வரும்.

எல்லா எதிர்ச்சான்றும் மேலே வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரே ஒரு சிதைந்த வடிவம், இருவேறாகப் படிக்கத்தக்க ஓர் எழுத்து, இவை எண்ணிக்கையை மாற்றாத வரையில் அடிக்குறிப்பிலேயே இருக்கலாம். இருபது இடங்களில் அப்படிப்பட்ட குறிப்புகள் சேர்ந்தால் மட்டும் நின்று பார்க்க வேண்டும். தனித்தனியாகச் சிறியவை ஒன்றுகூடினால் ஒரு பத்திக்குரிய செய்தி ஆகிவிடும். அப்போது அவற்றைத் திரட்டி மேலே ஒரு வாக்கியமாகவேனும் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பருவத்தில் இயல்களைச் சுருக்கிக்கொண்டிருக்கும் தோழர்கள், தம் ஆய்வேட்டில் மிக நீண்ட மூன்று அடிக்குறிப்புகளை எடுத்து இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டுகிறேன். மேல்வாக்கியம் மாறாமல் நின்றதா, நிற்கவில்லையா என்பதை இங்கே எழுதுங்கள். கல்வெட்டுப் பதிப்பில் பயின்றோர் நான் பதிப்புக்கும் ஆய்வேட்டுக்கும் இடையே வரைந்த கோட்டை மறுக்கக்கூடும். மறுப்பைக் காரணத்தோடும் எடுத்துக்காட்டோடும் எழுதினால், அதைப் பதிவின் உடலிலேயே சேர்த்து விடையளிக்கிறேன்.

— மட்டாஞ்சேரி, எர்ணாகுளம்